சாம்பல் வட்டம்: கல்லடிக் கணக்காளர் ஒருவரின் புரொஃபைலைப் பிரித்துப் பார்த்த கதை

அந்தத் தங்கச்சி கல்லடியில் இருக்கிறாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் முடித்துவிட்டு, களுவாஞ்சிகுடியில் ஒரு கட்டடப்பொருள் கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதினாள். பிறகு மெல்பேர்ணில் உள்ள உறவினர் ஒருவரின் உணவகத்துக்கு வீட்டில் இருந்தபடியே மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கத் தொடங்கினாள். சீரோ என்ற கணக்கு மென்பொருளில் கை நன்றாகப் பழகியிருந்தது. அந்த ஒரு உணவகத்தோடு நிற்காமல், அவுஸ்திரேலியாவில் உள்ள சிறிய கணக்காளர் அலுவலகங்களிடம் நேரடியாக வேலை எடுக்கலாம் என்று லிங்க்ட்இன்னில் 40 பேருக்கு அழைப்பு அனுப்பினாள். ஐந்து பேர் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் ஒரு வரி கூட எழுதவில்லை.

"அண்ணா, போட்டோதான் சரியில்லப் போல. நல்லதா ஒண்டு எடுத்துத் தாங்க" என்று என்னிடம் வந்தாள். நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடம் நின்றவன். இப்போது இப்படிப்பட்ட புரொஃபைல்களுக்குப் படம் எடுத்து, பக்கத்தையும் சரிசெய்து கொடுக்கிறேன். வருகிற எல்லோரும் போட்டோவில்தான் தொடங்குவார்கள். இந்தப் பிள்ளையின் விசயத்தில் உண்மையிலேயே போட்டோதான் முதல் பிரச்சினை. ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை.

வெளியே நின்று பார்த்தபோது

நான் அவளுடைய தொடர்புப் பட்டியலில் இல்லாதவன். அதனால் என் போனில் அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம், அதற்குள் ஒரு மனித உருவத்தின் நிழல். அவ்வளவுதான்.

"என்ட போன்ல தெரியுதே அண்ணா" என்றாள். அவளுக்குத் தெரியும்தான், அது அவளுடைய கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ அவளுடைய பேஸ்புக் படத்தை எடுத்துப் போலிக் கணக்கு ஒன்று திறந்திருந்தார்கள். அந்தப் பயத்தில், தன்னிடம் இருந்த கணக்குகள் எல்லாவற்றையும் பூட்டினாள். லிங்க்ட்இன்னிலும் நேரடித் தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே படத்தைப் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு, பிறகு மறந்தே போனாள். ஆகவே அந்த 40 பேரும் பார்த்தது சாம்பல் வட்டத்தை.

அழைப்பு போய்ச் சேரும் இடத்தை யோசித்துப் பாருங்கள். பெறுபவரின் திரையில் ஒரு வரி வரும். அதில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், பெயர், தலைப்பு வரியின் தொடக்கம், பொதுவான தொடர்புகள் இருந்தால் அவர்களின் எண்ணிக்கை. இலவசக் கணக்கில் குறிப்பு எழுதி அனுப்பக்கூடிய அழைப்புகள் கொஞ்சம்தான், அதனால் அவள் குறிப்பு இல்லாமல்தான் அனுப்பியிருந்தாள். வாசிக்கத் தெரியாத பெயர், அறியாத ஊர், முகம் இல்லாத வட்டம். மொத்தமாகத் தயாரித்து விடும் போலிக் கணக்குகளும் அப்படியேதான் தெரியும். பெறுபவர் அவளை மதிப்பிட்டுத் தள்ளிவிடவில்லை. மதிப்பிடுவதற்கே அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இதைத் திறந்துவிடு என்று சொல்வது எனக்குச் சுலபம். அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்தார். "எல்லாரும் பாக்கிற மாதிரிப் போடாத புள்ள. ஒருக்காப் பட்டது காணாதா?" என்றார். அந்தப் பயம் வெறும் பயம் இல்லை, நடந்த ஒன்று. எனவே அமைப்பை விளக்கினேன். படத்தை யார் பார்க்கலாம் என்பதற்கு லிங்க்ட்இன்னில் நாலு படிகள் உண்டு: நேரடித் தொடர்புகள் மட்டும், உங்கள் வலைப்பின்னலில் உள்ளவர்கள், கணக்கு வைத்திருக்கும் எல்லோரும், கணக்கே இல்லாத எவரும். நாலாவது படியில்தான் கூகுளில் பெயரைத் தேடுகிறவர்களுக்கும் படம் போகும். மூன்றாவது படியில் நின்றால் அழைப்புப் பெறுகிறவர் பார்ப்பார், வெளித் தேடலில் படம் வராது. படத்தை எவரும் எடுத்துவிடலாம் என்பது மூன்றாவது படியிலும் உண்மைதான், அதையும் மறைக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாரி உடுத்த படம் வேணாம்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது படியில் விட்டோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கத்தில் இருந்தும் என்னிடம் பெண்கள் வருகிறார்கள். ஹிஜாபுடன் உள்ள படத்துக்கும் மற்றப் படத்துக்கும் நான் செய்யும் வேலையில் வித்தியாசம் இல்லை. முகமே போட விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். பூவோ, கடலோ, கார்ட்டூன் முகமோ போடுவதைவிட, தங்களுடைய தொழிலைக் காட்டும் பொருளைத் தெளிவாக எடுத்துப் போடுங்கள் என்கிறேன். ஆனால் முகம் உள்ள படத்தின் இடத்தை அது பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். அவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கு அழைப்பு அனுப்புவதைக் குறைத்து, தெரிந்தவர் மூலம் அறிமுகமாவதுதான் நல்லது.

மாமாங்கத் திருவிழாவுக்கு வந்தவர்

புதுப் படம் எடுக்கும் முன், இருந்த பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க நினைத்தேன். பழைய படத்தை அப்படியே திறந்துவிட்டு மூன்று பேரிடம் காட்டினேன். முறை மிக எளியது. பக்கத்தின் மேற்பகுதியை ஐந்து செக்கன் காட்டி, போனைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்பேன்: இவர் என்ன வேலை செய்கிறார்? உங்கள் வங்கிக் கூற்றை இவரிடம் கொடுப்பீர்களா? ஏன்?

ஒருவர் இளைப்பாறிய வங்கி முகாமையாளர், ஒருவர் ஆசிரியை. மூன்றாமவர்தான் முக்கியமானவர். மட்டக்களப்பில் பிறந்து, மெல்பேர்ணில் நாலு பேரை வைத்துக் கணக்காளர் அலுவலகம் நடத்துகிறவர். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வந்திருந்தார். இந்தத் தங்கச்சி அழைப்பு அனுப்பிய அதே வகை ஆள்.

ஐந்து செக்கன் முடிந்ததும் அவர் சொன்னது இது: "கலியாண வீட்டுப் புள்ள ஒண்டு. பின்னால டுபாய் மாதிரிக் கட்டடம். என்ன வேலை எண்டு விளங்கல்ல தம்பி."

படம் அக்காவின் கலியாணத்தில் எடுத்தது. தலையில் பூ, கழுத்து நிறைய நகை, பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. முகம் வட்டத்தின் கால்வாசிகூட இல்லை. அதற்குமேல் ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுக்க வைத்திருந்தார். (இதே வேலையை நானும் வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்பார், செய்து கொடுப்போம்.) பக்கத்தின் உச்சியில் படுக்கையாக நீளும் பேனரில் இரவில் ஒளிரும் வானளாவிய கட்டடங்கள், அதன் மேல் வெற்றியைப் பற்றிய ஒரு பொன்மொழி, ஓரத்தில் அவள் செய்யும் சேவைகளின் பட்டியல். கட்டடங்கள் இலவச வார்ப்புருவில் வந்தவை. தலைப்பு வரியில் பட்டதாரி, வாய்ப்புத் தேடுகிறவர், கடின உழைப்பாளி என்று மூன்று துண்டுகள், நடுவில் நெடுக்குக் கோடுகள்.

பிறகு போனை அவர் கையிலேயே கொடுத்து, மெதுவாகப் பாருங்கள் என்றேன். இரண்டு இடத்தில் விரல் நின்றது.

முதலாவது பேனர் ஓரத்தில் இருந்த சேவைப் பட்டியல். அதில் வணிக நடவடிக்கைக் கூற்றுச் சமர்ப்பிப்பு என்று ஒன்று இருந்தது. அவுஸ்திரேலியாவில் சிறுவணிகங்கள் வரி அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிக்கை அது, BAS என்று சுருக்கிச் சொல்வார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தச் சேவையைச் செய்ய அங்குள்ள வரித் தொழில்வல்லுநர் சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். இவளிடம் அந்தப் பதிவு இல்லை. உணவகத்துக்கு அறிக்கையைத் தயார்படுத்தி மட்டுமே கொடுத்திருக்கிறாள், சமர்ப்பித்தது அங்குள்ள பதிவுபெற்ற முகவர். அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை, வேலையின் பெயரை அப்படியே போட்டுவிட்டாள். ஆனால் அந்தத் துறைக்காரர் அதை வாசித்தால், ஒன்றில் இவளுக்குச் சட்டம் தெரியாது, அல்லது தெரிந்தும் மீறுகிறாள் என்றுதான் எடுப்பார். மற்ற இருவரும் அந்த வரியைக் கடந்தே போய்விட்டார்கள். யாருக்காகப் பக்கம் போடுகிறோமோ அந்தத் தொழிலில் உள்ள ஒருவரிடம் காட்டாவிட்டால் இந்தப் பிழை வெளியே வராது.

இரண்டாவது இடம் என்னை உண்மையிலேயே திடுக்கிட வைத்தது. சிறப்பாகக் காட்டும் பகுதியில் ஒரு ஸ்க்ரீன்ஷொட் வைத்திருந்தாள். வங்கிக் கணக்கையும் ஏட்டையும் ஒப்பிட்டு முடித்த பக்கம், வேலை தெரியும் என்பதற்கு அத்தாட்சியாக. படத்தைப் பெரிதாக்கினால் உணவகத்துக்கு மீன் கொடுப்பவரின் பெயரும், கொடுத்த தொகையும், மாத முடிவில் கணக்கில் இருந்த மீதியும் தெரிகின்றன.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இவக்கு நான் என்ட கிளையன்ட்ட கணக்கக் குடுத்தா, நாளைக்கு அதுவும் இதே இடத்துல தொங்கும்."

அவள் கையிருந்த ஒரே அத்தாட்சி அது. ஆனால் பார்க்கிறவருக்கு, வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியே போடும் ஆள் என்பதற்கும் அதுவே அத்தாட்சியாகிவிட்டது. அன்றே அதைப் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டோம். உணவகக்காரருக்கும் அவளே கோல் எடுத்துச் சொன்னாள்.

மூன்று பேரின் பதிலையும் எழுதிவைத்து ஒன்றாகப் பார்த்தபோது, ஒருவரும் படம் அழகில்லை என்றோ நிறம் பொருந்தவில்லை என்றோ சொல்லவில்லை. இடிபட்டது எல்லாம் துண்டுகளுக்கு இடையிலான பொருத்தமின்மை. ஊர் மட்டக்களப்பு என்கிறது, பேனர் வானளாவிய நகரம் என்கிறது. தொழில் கணக்கு என்கிறது, படம் கலியாண வீடு என்கிறது. இரகசியம் காக்க வேண்டிய தொழில், ஆனால் பக்கத்தில் மற்றவரின் கணக்கு தொங்குகிறது. முன்பின் தெரியாதவர் பக்கத்தைப் படிப்பதில்லை. துண்டுகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறார், ஒன்று ஒட்டாவிட்டால் எழும்பிப் போய்விடுகிறார்.

பின்விறாந்தையில் எடுத்த படம்

முகத்தைப் பார்த்து மனிதர் எவ்வளவு வேகமாக முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டொடொரொவ் என்ற இருவர் சோதித்து 2006 இல் வெளியிட்டார்கள். ஒரு முகத்தை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு மட்டும் காட்டினாலும், நம்பலாமா என்று ஆட்கள் சொன்ன முடிவு நேரம் எடுத்துப் பார்த்தவர்களின் முடிவோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. நேரம் கூடக்கூட மாறியது, எடுத்த முடிவின் மேல் அவர்களுக்கு இருந்த உறுதிதான். இதைக் கேட்டு, "அப்ப என்ட முகத்தை வெச்சு என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே டொடொரொவ், போர்ட்டர் என்பவருடன் சேர்ந்து 2014 இல் காட்டிய இன்னொன்றைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்: ஒரே ஆளின் வெவ்வேறு படங்கள் வெவ்வேறு ஆட்களுடையவை போல மாறுபட்ட எண்ணத்தைத் தருகின்றன. ஆகவே அந்தக் கணத்தீர்ப்பு முகத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட படத்துக்கும் கிடைக்கிறது. படத்தை மாற்றலாம்.

அவளுடைய வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில், முன்பக்கம் கடலைப் பார்த்தது. காலை எட்டரைக்கு முன்விறாந்தையில் நின்றால் வெயில் நேரே கண்ணில் அடித்து முகம் சுருங்கும். வாவிப் பக்கத்துப் பின்விறாந்தையில் அந்த நேரம் வீட்டின் நிழல், ஆனால் முன்னால் வானம் திறந்து கிடக்கும். மென்மையான ஒளிக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். விறாந்தைச் சுவர் இலைப்பச்சை. சுவரில் சாய்ந்து நின்றால் அந்தப் பச்சை கன்னத்தில் ஏறும். அதனால் சுவரில் இருந்து ஒன்றரை மீற்றர் முன்னால் நிற்க வைத்தேன். கண் குழிகள் கொஞ்சம் இருண்டன. அப்பாவின் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, இடுப்பு உயரத்தில் தம்பியைப் பிடிக்கச் சொன்னோம். கீழிருந்து ஒளி திரும்பிக் கண்ணுக்குள் வந்தது.

எடுத்தது போனில்தான். இங்கே எல்லோரும் விடும் பிழை தூரம். கையை நீட்டி எடுக்கும் செல்பியில் கமரா முகத்துக்கு அரை மீற்றர் அளவில் நிற்கும். கிட்டவிருந்து எடுக்கும்போது மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய், முகம் உருண்டு வரும். கலிபோர்னியாவில் உள்ள கல்டெக் பல்கலைக்கழகத்தில் பிரையன், பெரோனா, அடொல்ஃப்ஸ் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆளை 45 சென்ரிமீற்றரில் இருந்தும் 135 சென்ரிமீற்றரில் இருந்தும் எடுத்துக் காட்டினார்கள். கிட்டவிருந்து எடுத்த படத்தில் இருந்தவரை நம்பத்தக்கவராகவும் திறமையானவராகவும் குறைவாகவே மதிப்பிட்டார்கள். நான் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, போனின் இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தேன். அவள் எப்போதும் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். கழற்றப் போனாள், வேண்டாம் என்றேன். கண்ணாடியில் வானம் வெள்ளையாக விழுந்தபோது தாடையை ஒரு விரல் அளவு இறக்கச் சொன்னேன், போய்விட்டது.

உடுப்பு அவள் வேலை நேரத்தில் போடும் கடும்நீல சுடிதார். பொட்டைப் பற்றி ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. வெள்ளைக்காரருக்குப் போகும் படம், எடுத்துவிடு என்றாள் மச்சாள். நான் விடச் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. முதல் வீடியோ கோலில் அவள் பொட்டோடுதான் இருக்கப்போகிறாள், கண்ணாடியோடுதான் இருக்கப்போகிறாள். கோலில் வருகிறவள் படத்தில் உள்ளவளாக இருக்க வேண்டும். முகத்தை வெளுக்க வைப்பதன் கேடும் அங்கேதான். படத்தில் அழகாக இருக்கும், கோலில் வேறொருவர் வந்து உட்காருவார்.

அறுபது படம் போல எடுத்தோம். அதில் ஐந்தைப் பிரித்தேன். அவளுக்குப் பிடித்தது வாயை மூடி, தலையைச் சற்றுச் சரித்த ஒன்று. அதை நான் ஏற்கவில்லை, ஆனால் என்னுடைய விருப்பத்தையும் போடவில்லை. தன் படத்தைத் தானே தெரிவு செய்வதைவிட, அறியாதவர் தெரிவு செய்த படம் பார்ப்பவரிடம் நல்ல எண்ணத்தைத் தருகிறது என்று நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் வைட்டும் அவரது குழுவினரும் 2017 இல் காட்டினார்கள். அதனால் ஐந்தையும் அவளைத் தெரியாத எட்டுப் பேருக்கு அனுப்பி, உங்கள் கடைக் கணக்கை எந்தப் பிள்ளையிடம் கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஆறு பேர் ஒரே படத்தைச் சொன்னார்கள். கமராவை நேராகப் பார்த்து, பல் கொஞ்சம் தெரியச் சிரித்த படம். அவள் தன் விருப்ப வரிசையில் கடைசி இடத்தில் வைத்திருந்தது அதுதான்.

வெட்டும்போது தலையுச்சியில் இருந்து தோளுக்குக் கீழ் வரை எடுத்து, வட்டத்தின் அரைவாசிக்கு மேல் முகம் வரும்படி வைத்தேன். பிறகு போனில் அதைச் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். கண் தெரிந்தது, சிரிப்புத் தெரிந்தது, போதும்.

பேனர்

பேனருக்கு வீட்டில் எல்லோருக்கும் கருத்து இருந்தது. அப்பாவுக்குக் கல்லடிப் பாலம் வேண்டும், பழைய இரும்புப் பாலம், பின்னேர வெயிலில். நல்ல படம்தான். பாசிக்குடாவில் விடுதி நடத்துகிற ஒருவருக்கு அப்படித்தான் கடலைப் போட்டுக் கொடுத்தேன், அங்கே இடமே சரக்கு. கணக்கு எழுதுகிறவளுக்குப் பாலம் ஒன்றையும் சொல்லாது. பொய்யும் சொல்லாது என்பதால் கட்டடங்களைவிட நல்லது, அவ்வளவுதான்.

கணிப்பொறிப் படங்கள் உள்ள இலவச மேசைக்காட்சி ஒன்றையும் முயன்று பார்த்தோம். காப்பிக் கோப்பை, மூக்குக்கண்ணாடி, வரைபுத்தாள். பார்த்தவுடன் எங்கோ கண்டது போல இருந்தது, ஏனென்றால் உண்மையிலேயே எங்கும் கண்டதுதான். பேனரில் யாரும் எதையும் போடலாம் என்பது பார்ப்பவருக்கும் தெரியும். அதனால் அங்கே பெருமையைப் போட்டுப் பயனில்லை, தகவலைப் போடலாம்.

கடைசியில் ஒரே நிறத்தில், கடும்நீலத்தில் விட்டோம், அவள் உடுப்பின் நிறத்துக்குக் கிட்ட. அதன் மேல் ஆங்கிலத்தில் இரண்டு வரி: அவுஸ்திரேலியக் கணக்காளர் அலுவலகங்களுக்கு சீரோவில் மாதாந்த ஏட்டுவேலை, பதிவுபெற்ற முகவரின் மேற்பார்வையில். BAS பற்றிய சொல் போய், அந்த இரண்டாவது வரி வந்தது. அதை எழுதச் சொன்னவர் மாமாங்கத்துக்கு வந்தவரே.

அளவில்தான் நான் தடுக்கி விழுந்தேன். தனிநபர் பக்கத்துப் பேனர் 1584க்கு 396 பிக்ஸல். கணினியில் பார்த்துச் செய்தேன், நன்றாக இருந்தது. போனில் திறந்தால் முகப்புப்பட வட்டம் பெரிதாக வந்து, இடப்பக்கத்துக் கீழ்ப்பகுதியை மூடிக்கொண்டது. முதல் இரண்டு சொல் அதற்குள் போய்விட்டன. எழுத்தும் எறும்பாகிவிட்டது. கணக்கு எளிது: போன் திரையின் அகலத்தை 390 என்று எடுத்தால் பேனர் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகச் சுருங்கும். நான் போட்ட 40 பிக்ஸல் எழுத்து 10 ஆகிவிடுகிறது. இரண்டாம் முறை எழுத்தை 64க்கு ஏற்றி, எல்லாவற்றையும் வலப்பக்க மேற்பாதிக்குக் கொண்டுபோனேன். கோப்பை PNG ஆகச் சேமித்தேன். JPEG ஆகச் சேமித்தால் எழுத்தின் ஓரம் புகை பிடித்தது போல மங்கும், லிங்க்ட்இன் மேலும் ஒருதரம் நெரிக்கும்போது அது இன்னும் மோசமாகும்.

சீரோவின் இலச்சினையையும் வேறு ஐந்து மென்பொருட்களின் இலச்சினைகளையும் வரிசையாகப் போடலாமா என்று கேட்டாள். இலச்சினைகளுக்குப் பாவனை விதிகள் உண்டு, அது ஒரு பக்கம். எனக்கு அது பஸ்சின் பின்கண்ணாடி ஸ்டிக்கர் போலத் தெரிகிறது.

கீழே உள்ள பகுதி

தலைப்பு வரியில் தொழிலை முன்னுக்குக் கொண்டுவந்தோம், ஏனென்றால் அழைப்பு வரியில் தொடக்கம் மட்டும்தான் தெரியும். கடின உழைப்பாளி போனது. தன்னைப் பற்றிய பகுதியில், மேலும் படிக்க அழுத்துவதற்கு முன் தெரிவது இரண்டு மூன்று வரிதான். அங்கே எந்த நேரம் வேலை செய்கிறாள் என்பதை மெல்பேர்ண் நேரத்தில் எழுதினோம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே நாலரை, அவர்களுடைய கோடைகாலத்தில் மூன்றரை. அவள் ஏற்கெனவே அந்த நேரத்துக்கு எழும்புகிறவள். வானளாவிய கட்டடத்தால் முடியாததை அந்த ஒரு வரி செய்தது என்பது என் எண்ணம், ஏனென்றால் அப்படி வேலை செய்து பார்த்தவர்தான் அதை எழுத நினைப்பார்.

ஸ்க்ரீன்ஷொட் இருந்த இடத்தில் என்ன வைப்பது என்பதில் ஒரு கிழமை போனது. கடைசியில் எங்குமே இல்லாத ஒரு தேநீர்க் கடையை அவள் கற்பனை செய்து, அதற்கு ஒரு மாதக் கணக்கை முழுதாக எழுதினாள். வங்கி ஒப்பீடு, வரவுசெலவு, கடனாளர் பட்டியல், கேள்விகள் என்று ஒரு பக்கம். அந்தக் கடைசிப் பக்கம்தான் விசயம். எந்தப் பற்றுச்சீட்டுக் காணவில்லை, எந்தத் தொகை இருமுறை பதிவாகியிருக்கலாம் என்று கடைக்காரரிடம் கேட்கும் ஏழு கேள்விகள். கோப்பின் முதல் பக்கத்தில் இது கற்பனைத் தரவு, வாடிக்கையாளர் விபரம் வெளியிடுவதில்லை என்று பெரிய எழுத்தில் போட்டோம். வேலையும் தெரிகிறது, வாய் இறுக்கமும் தெரிகிறது. செய்ய நாலு நாள் பிடித்தது. அந்த வேலை தெரியாதவர் அதைச் செய்யவே முடியாது, அதனால்தான் அதற்கு எடை.

சின்ன விசயம் ஒன்று. பல்கலைக்கழகத்தின் பெயரை அவள் கையால் தட்டியிருந்தாள், பக்கத்தில் வெறும் சாம்பல் பெட்டி நின்றது. தட்டும்போது கீழே விழும் பட்டியலில் இருந்து தெரிவு செய்தால் இலச்சினை தானாக வரும். அப்படி மாற்றினோம். களுவாஞ்சிகுடிக் கடைக்கு அங்கே பக்கம் இல்லை, அது சாம்பலாகவே இருக்கிறது. அதற்காகக் கடையின் பெயரில் பக்கம் ஒன்று திறப்போமா என்றாள். கடைக்காரருக்குத் தெரியாமல் வேண்டாம் என்றேன்.

பிறகு

அதே வகை அலுவலகங்களுக்கு இன்னும் 40 அழைப்பு, அதேபோலக் குறிப்பு இல்லாமல் அனுப்பினாள். 14 பேர் ஏற்றார்கள். நாலு பேர் எழுதினார்கள், இருவர் வீடியோ கோலுக்கு வந்தார்கள். ஒருவர் இணையம் துண்டிக்கப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டு, பதிலில் திருப்திப்படாமல் போய்விட்டார். மற்றவர் ஒரு மாதத்துக்குச் சோதனையாக இரண்டு கடைகளின் கணக்கைக் கொடுத்தார். கற்பனைத் தேநீர்க் கடையின் கேள்விப் பக்கத்தை வைத்துத்தான் பேச்சைத் தொடங்கினாராம்.

ஐந்து பதினாலானதை நான் பேனருக்கோ வேட்டிக்கோ எழுதிவைக்க மாட்டேன். எண்ணிக்கை சிறியது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டோம், எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க வழியில்லை. என் ஊகம், பெரும்பகுதி அந்தச் சாம்பல் வட்டம் திறந்ததால் வந்தது, மீதி வேலைகள் ஏற்றவர்கள் பக்கத்துக்கு வந்த பிறகுதான் உதவியிருக்கும். உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால், பழைய கலியாணப் படத்தைத் திறந்துவிட்டு முதலில் 40 பேருக்கு அனுப்பி, பிறகு ஒவ்வொன்றாக மாற்றியிருக்க வேண்டும். அவளுக்கு வேலை தேவைப்பட்டது, எனக்கும் பொறுமை இருக்கவில்லை.

அம்மா இப்போதும் கிழமைக்கு ஒருதரம் மகளின் பெயரைக் கூகுளில் தேடிப் பார்க்கிறாராம். படம் வருவதில்லை. போன மாதம் தங்கச்சி மூக்குக்கண்ணாடியின் சட்டத்தை மாற்றிவிட்டாள், தடித்த கறுப்பு. படத்தில் உள்ளது மெல்லிய கம்பிச் சட்டம். வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு மறுபடியும் அதே பின்விறாந்தைக்குப் போகிறேன், வேட்டியை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.